ஓர் ஆள் வராத நாள்: சிங்கப்பூர்க் காய்கறி இறக்குமதி நிறுவனம் ஒன்றின் திறன் அட்டவணை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் காய்கறிகளையும் வாழை இலையையும் தருவித்து, தேக்கா வட்டாரக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கோயில் சமையற்கூடங்களுக்கும் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தைப் பற்றியது இந்தப் பதிவு. முதலாளியையும் சேர்த்து அங்கே எட்டுப் பேர். முதலாளியின் மனைவி கணக்கையும் சம்பளத்தையும் கவனித்தார். அலுவலகத்தில் இரண்டு பெண்கள்: ஒருவர் இறக்குமதி அனுமதி எடுப்பவர், அவரை எல்லாரும் 'பர்மிட் அக்கா' என்றே அழைப்பார்கள், இன்னொருவர் வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் எடுப்பவர். கிடங்கில் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் இரண்டு மலேசியர்கள், ஒருவர் கிடங்குப் பொறுப்பாளர், மற்றவர் தரம்பிரித்துக் கட்டும் இளைஞர். லாரிக்கு இரண்டு பேர்: பதினைந்து வருடமாக இருக்கும் மூத்த ஓட்டுநர், தேசிய சேவை முடித்துவிட்டு வந்த சிங்கப்பூர் இளைஞர் ஒருவர்.

சரக்கு விடியலுக்கு முன் சாங்கியில் இறங்கும். காலை ஆறு மணிக்கெல்லாம் உணவகங்களின் பின்கதவு திறந்திருக்கும். முருங்கைக்காய் ஒரு நாள் பொறுக்கும். கறிவேப்பிலையும் வாழை இலையும் பொறுக்காது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் தாமதம் தாங்கும் என்பதைத்தான் பின்னால் எல்லா முடிவுகளுக்கும் அளவுகோலாகக் கொண்டோம்.

நான் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவன் அல்ல. செயல்முறைகளைச் சீர்செய்ய வெளியிலிருந்து அழைக்கப்பட்டவன். கீழே சொல்லும் முதல் சம்பவம் நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் உள்ளே போனேன்.

நடந்தது

ஆடி மாதம், வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள். ஆடி வெள்ளிக்குக் கோயில்களில் இலையும் காயும் நிறையத் தேவைப்படும் என்பதால் வழக்கத்தைவிடப் பெரிய சரக்கு வந்துகொண்டிருந்தது. புதன் இரவு பர்மிட் அக்கா டெங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

சிங்கப்பூருக்குள் காய்கறி கொண்டுவர, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் இறக்குமதியாளரிடம் இருக்க வேண்டும். அது போக, வரும் ஒவ்வொரு சரக்குக்கும் டிரேட்நெட் என்ற அரசு இணைய அமைப்பின் வழியாகத் தனித்தனியே அனுமதி எடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் அனுப்ப முடியாது. சுங்கத்துறையின் தகுதித் தேர்வில் தேறி, அறிவிப்பாளராகப் பதிவு செய்தவர்தான் தன் பெயரிலுள்ள கணக்கிலிருந்து அனுப்பலாம். நிறுவனத்தில் அப்படிப் பதிவு செய்திருந்தது அவர் ஒருவர்தான்.

ஆர்டர் எடுக்கும் பெண் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். திரையில் எதை எங்கே நிரப்புவார்கள் என்று பலமுறை பார்த்திருக்கிறார். "அக்காவுக்கு போன் போட்டு பாஸ்வேர்ட் கேட்போமா பாஸ்?" என்று விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கேட்டதாக முதலாளி பின்னர் என்னிடம் சொன்னார். முதலாளி வேண்டாம் என்றார். காய்ச்சலில் படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்வது ஒருபுறம் இருக்க, ஒருவர் பெயரில் இன்னொருவர் அறிவிப்பு அனுப்பி அதில் எடையோ பொருள் குறியீடோ தவறினால் பழி படுக்கையில் இருப்பவர் மேல் விழும். அந்த நேரத்தில் அப்படி நிதானமாக யோசித்ததற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

விடிந்தபின், தங்களுக்குத் தெரிந்த சரக்கு முகவர் ஒருவரைப் பிடித்தார்கள். அவரிடம் இந்த நிறுவனத்துக்காக அறிவிப்பு அனுப்பும் அங்கீகாரம் இல்லாததால் முதலில் அந்தத் தாள் வேலை நடந்தது. சரக்கு வெளியே வந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. பெரிய வாடிக்கையாளர்கள் அதற்குள் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் கிடைத்ததை வாங்கிவிட்டார்கள். கறிவேப்பிலையில் பாதி கறுத்துப்போயிற்று. இலைக்கட்டுகளை அரை விலைக்குத் தள்ளினார்கள்.

கவனித்தவை

என்னிடம் முதலாளி கேட்டது, "எல்லாருக்கும் எல்லா வேலையும் கற்றுக்கொடுத்துவிடலாமா?" என்பதுதான். எட்டுப் பேர் கொண்ட இடத்தில் அது நடக்காது, நடக்கவும் வேண்டியதில்லை. முதலில் கடந்த ஓராண்டு விடுப்புப் பதிவை எடுத்துப் பார்த்தோம்.

ஆள் வராத நாட்கள் நிறைய இருந்தன. எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு, ஊருக்குப் போன விடுப்பு, பிள்ளையின் பள்ளி, எல்லைச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்ட காலைகள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. தடுமாறிய நாட்களை மட்டும் தனியே எடுத்தபோது, அவை எல்லாமே ஒரே ஓர் ஆள் செய்யும் வேலை நின்றுபோன நாட்களாக இருந்தன. எத்தனை பேர் விடுப்பில் இருந்தார்கள் என்பதற்கும் தடுமாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பேர் வராத நாள் அமைதியாகப் போயிருக்கிறது. ஒருவர் வராத நாள் கலவரமாகியிருக்கிறது.

இன்னொன்று, தடுமாறிய நாட்களில் சில முன்கூட்டியே தெரிந்தவை. இளைய ஓட்டுநர் போர்க்காலப் படைவீரர். அவரை ஆண்டுக்கு 40 நாள் வரை முகாம் பயிற்சிக்கு அழைக்கலாம், அதற்கான அறிவிப்பு பல வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். வந்த அறிவிப்பைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தார்கள். ஆனாலும் அவர் போன திங்கட்கிழமை காலையில்தான் யார் லாரியை எடுப்பது என்ற பேச்சே தொடங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேலைகளைப் பட்டியலிடுவதிலிருந்து ஆரம்பித்தோம். பதவிப் பெயரை வைத்துப் பட்டியல் போட்டால் பயன் இல்லை. 'ஓட்டுநர்' என்ற ஒரு சொல்லுக்குள் சாங்கியில் சரக்கெடுப்பதும் இருக்கிறது, கடை கடையாக இறக்குவதும் இருக்கிறது. இரண்டுக்கும் தேவைப்படும் அறிவு வேறு. எனவே ஒவ்வொருவரும் இரண்டு வாரம் தாம் செய்ததை அன்றன்றே ஒரு வரியில் எழுதினார்கள். நாற்பதுக்கு மேல் வந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது நின்றால் எத்தனை மணி நேரத்தில் வாடிக்கையாளருக்குத் தெரியும்?

நான்கு மணி நேரத்துக்குள் தெரியக்கூடியவை ஆறு மட்டுமே. வேலைகளை வரிசையாகவும் ஆட்களைப் பத்தியாகவும் வைத்து, யாருக்கு எது எவ்வளவு தெரியும் என்று காட்டும் திறன் அட்டவணையை அந்த ஆறுக்குத்தான் போட்டோம். சம்பளம் இதில் இல்லை. முதலாளியின் மனைவி ஒருவரே அதைச் செய்தாலும், சம்பளத்தை மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கலாம், மத்திய சேமநிதிச் சந்தாவுக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. அத்தனை நாள் இருக்கும் வேலைக்கு உள்ளே ஒருவரைப் பழக்குவதைவிட, வெளியிலிருக்கும் கணக்காளருக்கு, நிறுவனங்கள் அரசு இணையச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் கார்ப்பாஸில் அந்தச் சேவைக்கான அனுமதியை முன்கூட்டியே கொடுத்துவைப்பது எளிது. அப்படியே செய்தார்கள்.

அடுத்தது மதிப்பெண். பூஜ்யம் தெரியாது. ஒன்று பார்த்திருக்கிறார். இரண்டு, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார். மூன்று, தனியாகச் செய்து முடிப்பார். நான்கு, கற்றுக்கொடுப்பார். மூன்றுக்குக் கீழே உள்ள எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆடி மாத விடியலில் பக்கத்து மேசைப் பெண் இருந்தது இரண்டாம் படிகூட இல்லை, ஒன்றில்தான். ஆனால் அதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் "அவளுக்கும் தெரியுமே" என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

முதலில் அவரவர் மதிப்பெண்ணை அவரவரே போட்டார்கள். இளைய ஓட்டுநர் தனக்கு நிறைய மூன்று போட்டுக்கொண்டார். கிடங்குப் பொறுப்பாளர் தனக்குத் தெரிந்ததற்கும் இரண்டுதான் போட்டார். திரையில் ஆங்கிலம் வரும் எந்த வேலையும் தன்னால் ஆகாது என்று அவருக்கு ஓர் எண்ணம். ஆகவே மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'கடைசியாகத் தனியாகச் செய்த தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். தேதி எழுத முடியாதவர்களுக்கு மூன்று கிடையாது. அந்தத் தேதிக்கு 60 நாள் கடந்தால் மூன்று தானாகவே இரண்டாகிவிடும். இந்த ஒரு கட்டம் பல வாக்குவாதங்களை மிச்சப்படுத்தியது. திறமையைப் பற்றிப் பேசினால் மனம் புண்படும், தேதியைப் பற்றிப் பேசினால் அவ்வளவாகப் புண்படாது.

தேதி வைத்துத் திருத்தியபின், ஒவ்வொரு வேலையையும் தனியாகச் செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியது இது:

| வேலை | தொடக்கத்தில் | ஐந்து மாதம் கழித்து |
|---|---|---|
| இறக்குமதி அனுமதி எடுத்தல் | 1 | 2, வெளி முகவர் வேறு |
| சாங்கியில் சரக்கெடுத்தல் | 2 | 3 |
| ஆர்டர் எடுத்துப் பிரித்தல் | 1 | 2 |
| தரம்பிரித்துக் கட்டுதல் | 3 | 4 |
| கடைகளுக்கு இறக்குதல், முழு வழி | 1 | 2 |
| குளிர் அறைக் கண்காணிப்பு | 1 | 3 |

பழக்கிய விதம்

தீபாவளி நெருக்கத்தில் எதையும் தொடக்கூடாது என்பது முதலாளியின் நிபந்தனை. ஆவணி, புரட்டாசியில் செவ்வாய், புதன் பிற்பகல்களை எடுத்துக்கொண்டோம்.

அனுமதி எடுக்கும் வேலையை ஆர்டர் எடுக்கும் பெண் கற்றார். அவர் தகுதித் தேர்வு எழுதித் தன் பெயரில் பதிவு பெறும்வரை நாள் பிடிக்கும் என்பதால், அந்த இடைவெளிக்குச் சரக்கு முகவரிடம் அங்கீகாரம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. அதைப் பதிவு வந்தபிறகும் நீக்கவில்லை. அலுவலகப் பெண்கள் இருவருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள். இருவரும் ஒரே விடுமுறையில்தான் விடுப்புக் கேட்பார்கள்.

செய்முறைக் குறிப்பைக் கற்றுக்கொடுப்பவர் எழுதாமல் கற்பவரே எழுதினார். பர்மிட் அக்கா முன்பே எழுதிவைத்திருந்த குறிப்பு அரைப் பக்கம். தமக்குக் கை பழகிய படிகள் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. கற்பவர் எழுதியது மூன்று பக்கம் வந்தது. உதாரணத்துக்கு எடை. விமானச் சரக்குச் சீட்டில் இருப்பது பெட்டியோடு சேர்ந்த மொத்த எடை. ஒவ்வொரு காய்க்கும் எதிரே எழுத வேண்டியது அந்தக் காயின் எடை, அது பொதிப் பட்டியலில் இருக்கும். அக்கா இதை யோசிக்காமலே செய்துவந்தார். கற்பவர் முதல் முறையே இங்கே நின்று, "எந்த எடையை அக்கா போடணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அப்படியே குறிப்பில் ஏறியது. ஒரே சரக்கில் பத்துப் பன்னிரண்டு வகைக் காய் வரும்போது ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள் குறியீட்டை எங்கே பார்ப்பது என்பதும் அப்படித்தான் சேர்ந்தது.

மூத்த ஓட்டுநரிடம் காரியம் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. எந்த உணவகத்துக்குப் பின்சந்தில் எந்தப் பக்கம் நிறுத்துவது, எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குள் இறக்க வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. 'குழு உணர்வு' என்று பேசி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாளி இரண்டு காரியம் செய்தார். நான்காம் படியில் இருப்பவர்களுக்கு மாதப் படித்தொகை ஒன்றை வைத்து, அதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதினார். பல ஆண்டாக ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பே எடுக்காத அந்த அண்ணனிடம், வழி தெரிந்த இன்னொருவர் உருவானதும் மூன்று வாரம் ஊருக்குப் போய் வரலாம் என்று தேதி போட்டுக் கொடுத்தார். படித்தொகையைவிட அந்தத் தேதிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

ஓரிடத்தில் பழக்குவதையே நிறுத்தினோம். கட்டும் இளைஞருக்கு லாரி ஓட்ட ஆசை, முதலாளிக்கும் அது வசதி. ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் வருபவர் அந்தச் சீட்டில் குறிப்பிட்ட தொழிலைத்தான் செய்யலாம்; அவருடைய சீட்டு கிடங்கு வேலைக்கானது. ஓட்டுநர் உரிமம் இருந்தாலும் அது போதாது. அந்தக் கட்டத்தில் கோடு போட்டு அடித்துவிட்டோம். கடைகளுக்கு இறக்கும் வழியை இளைய ஓட்டுநர் கற்றார். அவர்களுடைய லாரி வெற்று எடை 2,500 கிலோவுக்கு உட்பட்டது, கிளாஸ் 3 உரிமம் போதும் என்பதால், அவசரத்துக்கு முதலாளியே சாங்கி சென்று சரக்கெடுக்கப் பழகினார்.

ஒத்திகை

தீபாவளி முடிந்தபின் ஒரு புதன்கிழமை கிடங்குப் பொறுப்பாளரையும் பர்மிட் அக்காவையும் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னோம். தொலைபேசியை எடுக்கக்கூடாது என்பது மட்டும் விதி.

அனுமதி சரியான நேரத்தில் வந்தது. சரக்கும் வந்தது. பிற்பகலில் குளிர் அறையின் வெப்பநிலை ஏறியபோது யாருக்கும் தெரியவில்லை. கதவு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி ஒழுங்காகப் போயிருந்தது, ஆனால் வீட்டில் இருந்த பொறுப்பாளரின் கைப்பேசிக்கு மட்டும். அந்த வேலையைக் கற்றிருந்த இருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதுதான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று மாலையே அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே 'சாவி' என்று இன்னொரு வரி சேர்ந்தது. அந்த வேலையைச் செய்ய எந்தக் கணக்கு, எந்த எண், எந்தச் சாவி, எந்த எச்சரிக்கை யாரிடம் இருக்க வேண்டும் என்பது அதில் வரும். மூன்றாம் படியில் இருந்தும் சாவி இல்லாதவரை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. இப்படித் திரும்ப எண்ணியபோது, இரண்டு என்று காட்டிய ஆர்டர் வேலை மறுபடி ஒன்றானது. வாடிக்கையாளர்கள் குரல் செய்தி அனுப்பும் எண் ஒருவரின் சொந்தக் கைப்பேசியில் இருந்தது. நிறுவனத்துக்கென்று தனி எண் வாங்கி மாற்றினார்கள்.

பிறகு நடந்தவை

மார்கழி தொடக்கத்தில் இளைய ஓட்டுநரின் முகாம் அறிவிப்பு வந்தது: ஜனவரி முதல் இரண்டு வாரம். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வரும் நேரம்.

இந்த முறை அறிவிப்பு வந்த அன்றே அட்டவணையை மேசையில் விரித்து அவருடைய பத்தியைக் கையால் மறைத்துப் பார்த்தார்கள். நான்கு வேலைகளில் எண்ணிக்கை ஒரே நேரத்தில் குறைந்தது. ஆர்டரும் கடைகளுக்கு இறக்கும் வழியும் மறுபடி ஒன்றாகின. ஆர்வமும் வயதும் இருந்ததால் ஐந்து மாதமாக எதற்கு ஆள் வேண்டுமென்றாலும் அவரையே பழக்கியிருந்தார்கள். வரிசை வரிசையாகப் பார்த்தபோது எல்லாம் நன்றாகத் தெரிந்த தாள், மேலிருந்து கீழாகப் பார்த்தபோது ஒரே ஆள்மேல் நின்றது. ஆர்டர் பிரிப்பதை முதலாளியின் மனைவிக்கும், குளிர் அறைக் கண்காணிப்பைத் தரம்பிரித்துக் கட்டும் இளைஞருக்கும் மாற்றிப் பழக்க மூன்று வாரம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இறக்கும் வழிக்கு மட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. மூத்த ஓட்டுநரின் ஊர்ப் பயணம் தை மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது, அவர் ஒப்புதலோடு.

முகாம் தொடங்கிய நான்காம் நாள் கிடங்குப் பொறுப்பாளரின் தாயார் ஜொகூரில் இறந்துவிட்டார். அவர் ஒரு வாரம் வரவில்லை. எட்டில் இருவர் இல்லாமல், ஆண்டின் மிக நெருக்கமான வாரங்களில் ஒன்று. அன்று காலை பத்து நிமிடம் நின்று பேசினார்கள். பிற்பகல் இரண்டாம் நடையை நிறுத்துவது, மாதக் கணக்குச் சீட்டு அனுப்புவதைப் பொங்கல் கழியும்வரை தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. தாமதம் தாங்கும் அளவு ஒவ்வொரு வேலைக்கும் ஏற்கெனவே எழுதியிருந்ததால் எதை விடுவது என்பதில் சண்டை வரவில்லை. இரங்கல் வீட்டுக்கு முதலாளி ஒரு மாலை போய்வரவும் முடிந்தது. வேலை பற்றிப் பொறுப்பாளரிடம் அந்த வாரம் யாரும் பேசவில்லை.

பிழையே இல்லாமல் போகவில்லை. ஓர் உணவகம் "வழக்கம்போல அனுப்புங்க, ஆனா முருங்கை மட்டும் பொங்கலுக்கு மாதிரி" என்று குரல் செய்தி விட்டிருந்தது. 'வழக்கம்' என்பது ஆர்டர் எடுக்கும் பெண்ணின் நினைவில் இருந்தது, 'பொங்கலுக்கு மாதிரி' என்பது போன வருடத்து அவருடைய கையேட்டில். முதலாளியின் மனைவி பாதி அளவு அனுப்பினார். மாலையில் வேறு கடையிலிருந்து வாங்கி ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

இனி மாற்றவிருப்பவை

நிலையான ஆர்டர்கள் எல்லாம் வாடிக்கையாளர் வாரியாக ஒரு தாளில் ஏறுகின்றன, பண்டிகை அளவுகளோடு. இந்த வேலையைப் பழக்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். எழுதப்படாத தகவல் மேல் நிற்கும் வேலையை எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாலும் மூன்றாம் படி கிடைக்காது.

60 நாள் விதி தாளில் இருந்தும், தீபாவளி முதல் பொங்கல் வரை ஆர்டர் பெண் ஒத்திகை நாளைத் தவிர ஒருமுறைகூட அனுமதி விண்ணப்பம் அனுப்பவில்லை. நெருக்கடி நேரத்தில் வேகமாகச் செய்பவரிடமே வேலை திரும்பிப் போய்விடுகிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை அனுமதி வேலை அவருடையது, அன்று பர்மிட் அக்கா ஆர்டர் மேசையில் உட்காருவார் என்று இப்போது நாட்காட்டியில் போட்டிருக்கிறார்கள்.

எவர் பத்தியிலும் தமது சொந்த வேலைக்கு மேல் இரண்டு மாற்று வேலைகளுக்கு அதிகமாகச் சேர்ப்பதில்லை என்றும் ஒரு வரம்பு வந்திருக்கிறது. இதனால் ஆறில் ஒரு வேலைக்கு, கடைகளுக்கு இறக்கும் வழிக்கு, மூன்றாவது ஆள் கிடைக்கமாட்டார். மூத்த ஓட்டுநர் ஊரில் இருக்கும்போது இளையவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஓட்டுநரோடு லாரியை நாள் வாடகைக்கு எடுத்து, வழித் தாளை அவர் கையில் கொடுத்து, கட்டும் இளைஞரைச் சரக்கு இறக்கக் கூட அனுப்புவது என்று வைத்திருக்கிறார்கள். இதை இன்னும் ஒத்திகை பார்க்கவில்லை. தை மாதக் கடைசிக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பார்ப்பதாக இருக்கிறது.